போதுமா, போதாதா? தமிழில் இடம் மாறும் தரவுப் போதுமைக் கேள்விகள்

தரவுப் போதுமைக் கேள்விகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு கேள்வி இருக்கும். கீழே (1), (2) என்று இரண்டு கூற்றுகள் இருக்கும். கேள்விக்கு விடை என்ன என்று நம்மிடம் கேட்பதில்லை. விடை காண அந்தக் கூற்றுகள் போதுமா, போதாதா என்பதை மட்டும் சொல்லச் சொல்கிறார்கள்.

மேலாண்மை முதுகலைப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் ஜிமேட் தேர்வில் இந்த வகை பல ஆண்டுகளாக உண்டு. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இது கணிதப் பகுதியிலிருந்து விலகி, தரவு ஆய்வு என்ற தனிப் பகுதிக்குள் போய்விட்டது. இந்தியாவில் வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களுக்கும் இது நன்றாகப் பழகிய வகைதான். அங்கிருந்துதான் நம் கைக்கு வருகிறது. உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்ற தலைப்போடு, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிய பயிற்சித் தாள்கள் ஆசிரியர்களுக்குள் கைமாறுகின்றன. விடைக்குறிப்பும் கூடவே வரும்.

என் குறை அந்த விடைக்குறிப்பைப் பற்றியது. கேள்வியைத் தமிழாக்கும்போது தரவும் மாறிவிடுகிறது. ஆனால் விடைக்குறிப்பு ஆங்கிலக் கேள்விக்குரியதாகவே நின்றுவிடுகிறது. சரியாகப் படித்த பிள்ளைக்குத் தவறு விழுகிறது. இது எப்படி நடக்கிறது என்று ஒன்றிரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கலாம், வாங்க.

ஐந்து தெரிவுகள்

இந்த வகையின் தெரிவுகள் ஒருபோதும் மாறுவதில்லை. இந்தக் கட்டுரைக்காக அவற்றை இப்படி வைத்துக்கொள்வோம்.

அ. கூற்று (1) மட்டுமே போதும். (2) மட்டும் போதாது.
ஆ. கூற்று (2) மட்டுமே போதும்; (1) மட்டும் போதாது.
இ. இரண்டும் சேர்ந்தால்தான் போதும், தனித்தனியே போதாது.
ஈ. ஒவ்வொன்றும் தனியாகவே போதும்.
உ. இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

செய்முறை சுலபம். முதலில் (2)-ஐக் கையால் மறைத்துவிட்டு (1)-ஐ மட்டும் பாருங்கள். அது போதுமென்றால் விடை அ அல்லது ஈ. போதாதென்றால் ஆ, இ, உ மூன்றில் ஒன்று. அடுத்து (1)-ஐ மறந்துவிட்டு (2)-ஐ மட்டும் பாருங்கள். இரண்டும் தனித்தனியே போதாதபோதுதான் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் வழுக்குவது நடுப்படியில்தான். (1)-இல் படித்ததை மனத்தில் வைத்துக்கொண்டே (2)-ஐப் படிப்பார்கள். (2) தனியாகப் போதும் என்று தோன்றும். உண்மையில் அவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்திருப்பார்கள்.

“போதும்” என்றால் என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். ஒரே ஒரு விடைக்கு மட்டும் இடம் இருந்தால் போதும். இரண்டு விடைகளுக்கு இடம் இருந்தால் போதாது. அவ்வளவுதான். “ஆமா, இல்லையா” என்று கேட்கும் கேள்வியில் உறுதியாக “இல்லை” என்று சொல்ல முடிந்தாலும் அது போதும் என்றே கணக்கு. “இல்லைன்னு வந்திடுச்சு, அப்போ போதாது” என்று எழுதும் பிள்ளை, விடையையும் போதுமையையும் குழப்பிக்கொள்கிறது.

இன்னொரு விதி நமக்குப் பின்னால் உதவும். முறையாக ஆக்கிய கேள்வியில் இரண்டு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரண்படாது. ஒரே நேரத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியும். முரண்பட்டால், ஒன்று நாம் கணக்கில் பிசகியிருக்கிறோம், இல்லை கேள்வியே பழுது.

ஓர் “உம்” விடையை மாற்றும்

உறவுச்சொல்லுக்குப் போகும் முன் சின்னதாக ஒரு கணக்கு.

மீனா பேனாவும் பென்சிலும் வாங்கினாள். பேனா ஒன்று 3 வெள்ளி, பென்சில் ஒன்று 2 வெள்ளி. அவள் எத்தனை பேனா வாங்கினாள்?
(1) மொத்த விலை 8 வெள்ளி.
(2) மொத்தம் 3 பொருள் வாங்கினாள்.

கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை உடனே “இ” என்று போட்டுவிடும். பேனா எத்தனை, பென்சில் எத்தனை என்று தெரியாதவை இரண்டு. அதனால் தகவலும் இரண்டு வேண்டும் என்பது அதன் நினைப்பு. ஆனால் (1)-ஐ மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு பேனா என்றால் மீதி 5 வெள்ளி. அதற்கு 2 வெள்ளிப் பென்சில் சரியாக வராது. இரண்டு பேனா என்றால் மீதி 2 வெள்ளி, ஒரு பென்சில். மூன்று பேனாவுக்கே 9 வெள்ளி ஆகிவிடும். ஆகவே பேனா இரண்டுதான், வேறு வழியில்லை. (1) மட்டும் போதும். (2)-ஐ மட்டும் பார்த்தால் பேனா ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம், போதாது. விடை அ.

இதில் நாம் கவனிக்காமல் கடந்த ஓர் இடம் உண்டு. பேனாவே வாங்காமல் நான்கு பென்சில் வாங்கினாலும் 8 வெள்ளிதானே? அந்த வழியை அடைத்தது எது? “பேனாவும் பென்சிலும் வாங்கினாள்” என்ற தொடரில் இருக்கும் “உம்”. ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்றாவது வாங்கியிருக்கிறாள் என்று அது உறுதி சொல்கிறது. அதே தொடரை “பேனாவோ பென்சிலோ இரண்டுமோ வாங்கினாள்” என்று மாற்றிப் பாருங்கள். இப்போது (1)-க்கு இரண்டு வழிகள்: இரண்டு பேனா ஒரு பென்சில், அல்லது பேனாவே இல்லாமல் நான்கு பென்சில். (1) மட்டும் போதாது. (2)-உம் தனியாகப் போதாது. இரண்டும் சேர்ந்தால் நான்கு பென்சில் வழி அடைபடுகிறது. விடை இ.

எண்கள் மாறவில்லை. “உம்” போய் “ஓ” வந்தது. விடை அ-விலிருந்து இ-க்குப் போய்விட்டது. இலக்கண வகுப்பில் எண்ணும்மை என்று பெயர் சொல்லிக் கடந்துபோகும் இடைச்சொல், இங்கே தரவு. கேள்வியை மொழிபெயர்க்கிறவர் இதைக் கவனிக்காமல் விட்டால், கணக்கில் ஒரு பிழையும் இல்லாமலே விடைக்குறிப்பு தவறிவிடும்.

அண்ணனா, தம்பியா?

இனி முக்கியமான இடம். ஆங்கிலத்தில் உடன்பிறந்த ஆணுக்கு ஒரே சொல், பெண்ணுக்கு ஒரே சொல். மூத்தவரா இளையவரா என்பதை அந்தச் சொல் சொல்லாது. தமிழில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று நான்கு சொற்கள். நான்கிலும் வயது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கில ஆக்குநர் வேண்டுமென்றே மறைத்த தகவலைத் தமிழ்ச் சொல் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

சின்ன எடுத்துக்காட்டு: “கவினுக்கு 12 வயதுக்கு மேல் ஆகிவிட்டதா?” கூற்று: “கவினின் சகோதரிக்கு 11 வயது.” இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, போதாது. அதையே “கவினின் அக்காவுக்கு 11 வயது” என்று எழுதினால், கவின் அவளைவிட இளையவன். 12-ஐத் தாண்டியிருக்க முடியாது. விடை உறுதியாக “இல்லை”, ஆகவே போதும்.

இனி ஒரு முழுக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இருக்கும் தகவலை அப்படியே, வயதைச் சேர்க்காமல் எழுதினால் இப்படி வரும்.

மணி, ரவி, லதா மூவரில் மூத்தவர் யார்?
(1) மணி ரவியின் சகோதரன். இருவருக்கும் 3 வயது வித்தியாசம்.
(2) லதா மணியின் சகோதரி. ரவி லதாவைவிட 5 வயது மூத்தவர்.

(1)-ஐ மட்டும் பார்ப்போம். மணி 3 வயது மூத்தவராகவும் இருக்கலாம், இளையவராகவும் இருக்கலாம். லதாவைப் பற்றி ஒன்றுமே இல்லை. போதாது. (2)-ஐ மட்டும் பார்த்தால் ரவி லதாவைவிட மூத்தவர் என்று தெரிகிறது. மணி எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை. போதாது. இரண்டையும் சேர்ப்போம். லதாவுக்கு 10 வயது என்று வைத்துக்கொண்டால் ரவிக்கு 15. மணிக்கு 18 அல்லது 12. பதினெட்டு என்றால் மூத்தவர் மணி; பன்னிரண்டு என்றால் மூத்தவர் ரவி. இரண்டு விடைகளுக்கும் இடம் இருக்கிறது. ஆகவே சரியான விடை உ: சேர்ந்தாலும் போதாது.

இதைத் தமிழாக்குகிறவர் “சகோதரன்” என்ற சொல் புத்தகத் தமிழாக இருக்கிறதே என்று நினைத்து, வீட்டில் புழங்கும் சொல்லைப் போடுகிறார் என்று வையுங்கள். அவருக்கு முன்னால் நான்கு வழிகள்.

முதல் வழி, “மணி ரவியின் அண்ணன், லதா மணியின் தங்கை.” (1) தனியாகப் போதாது, ஏனென்றால் லதாவின் இடம் தெரியாது. (2)-ஐ மட்டும் பார்த்தால் மணியும் ரவியும் லதாவுக்கு மூத்தவர்கள். அவர்களுக்குள் யார் மூத்தவர் என்று தெரியாது. சேர்த்தால் மணி, ரவி, லதா என்று வரிசை நின்றுவிடுகிறது. மூத்தவர் மணி. விடை இ.

இரண்டாம் வழி, “மணி ரவியின் தம்பி, லதா மணியின் தங்கை.” இப்போதும் தனித்தனியே போதாது, சேர்த்தால் ரவி, மணி, லதா என்று வரிசை. மூத்தவர் ரவி. தெரிவு இதே இ. ஆனால் மூத்தவர் வேறு ஆள்.

மூன்றாம் வழி, “மணி ரவியின் அண்ணன், லதா மணியின் அக்கா.” (2)-ஐ மட்டும் பாருங்கள். ரவி லதாவுக்கு மூத்தவர். லதா மணிக்கு மூத்தவர். ஆகவே மூவரில் மூத்தவர் ரவி. (2) மட்டுமே போதும் போலத் தெரிகிறது. ஆனால் (1) என்ன சொல்கிறது? மணி ரவிக்கு அண்ணன் என்கிறது. இரண்டும் மோதுகின்றன. கேள்வி உடைந்துவிட்டது.

நான்காம் வழி, “மணி ரவியின் தம்பி, லதா மணியின் அக்கா.” மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது, (2) மட்டும் போதும், விடை ஆ என்று எழுதத் தோன்றும். எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் பழுது தெரியும். மணிக்கு 12 என்றால் (1)-இன்படி ரவிக்கு 15. (2)-இன்படி லதாவுக்கு 10. பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்காரருக்கு அக்காவா? இதுவும் முரண்.

நான்கு வழிகளில் இரண்டு, விடையை இ ஆக்குகின்றன. மற்ற இரண்டு கேள்வியையே கெடுக்கின்றன. மூலத்தின் விடையான உ எந்த வழியிலும் வரவில்லை. விடைக்குறிப்பில் மட்டும் “உ” என்று அச்சாகி இருக்கும். அந்தத் தாளை எழுதும் படிவம் 4 மாணவி “அண்ணன்னு போட்டிருக்கே டீச்சர், அப்போ மணிதானே பெரியவரு?” என்று கேட்டால், அவள் கேட்பது முழுக்கச் சரி. “விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கு” என்று நாம் சொன்னால், தன் மொழியில் இருக்கும் பொருளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆகிறோம். தமிழாசிரியர் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

கூடுவது மட்டுமல்ல, குறைவதும் உண்டு

தமிழாக்கினால் எப்போதும் தரவு கூடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல இடங்களில் குறையும்.

“மருமகன்” என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மகளின் கணவரும் மருமகன். ஒரு பெண்ணுக்கு அண்ணன் தம்பியின் மகனும், ஓர் ஆணுக்கு அக்காள் தங்கையின் மகனும் மருமகன்தான். முறைமணம் வழக்கில் இருந்த சமூகத்தில் இந்த இரண்டு உறவும் ஒரே ஆளிடம் சேர முடியும் என்பதால் சொல்லும் ஒன்றாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு சொற்கள். “தேவிக்கு மகள் உண்டா?” என்பது கேள்வி. “கதிர் தேவியின் மருமகன்” என்பது கூற்று. ஆங்கில மூலத்தில் மகளின் கணவர் என்று இருந்தால், தேவிக்கு மகள் உண்டு; கூற்று போதும். தமிழில் கதிர் தேவியின் தம்பி மகனாகவும் இருக்கலாம். அப்போது மகள் இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல முடியாது, போதாது.

நாம் மேலே பார்த்த “அண்ணன்” கூட ஒரு பக்கம் வயதைக் கொடுத்து, இன்னொரு பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. பெரியப்பா மகனும் வயதில் மூத்தவராக இருந்தால் நமக்கு அண்ணன்தானே? “மணியும் ரவியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா?” என்று கேட்டுவிட்டு, “மணி ரவியின் அண்ணன்” என்று மட்டும் கூற்று கொடுத்தால், நம் வீட்டு வழக்கில் அது போதாது. அதனால்தான் தேவைப்படும்போது “கூடப்பிறந்த அண்ணன்” என்று சேர்த்துச் சொல்கிறோம்.

பால் விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. “அந்த மருத்துவர் பெண்ணா?” என்று கேள்வி. “மருத்துவர் தன் மகளோடு வந்தார்” என்று கூற்று. ஆங்கிலத்தில் “தன்” இருக்கும் இடத்தில் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல் வரும். அதுவே விடையைக் கொடுத்துவிடும். தமிழில் “தன்” பால் காட்டாது. “வந்தார்” என்ற மரியாதைப் பன்மையும் காட்டாது. “வந்தாள்” என்று எழுதினால் பால் தெரிந்துவிடும். ஆனால் மருத்துவரை அப்படி எழுத நமக்குக் கை வராது. மரியாதை தரவை மறைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பண்பாகத்தான் எழுதியிருக்கிறார். கேள்விதான் போதுமையிலிருந்து போதாமைக்கு மாறிவிட்டது.

எதைத் தரவாக எடுத்துக்கொள்வது?

“இப்படிப் பார்த்தால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதுதானா?” என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். சொல்லின் பொருளில் இருப்பது தரவு. வழக்கத்திலிருந்தோ ஊகத்திலிருந்தோ நாமாகச் சேர்ப்பது தரவு இல்லை.

அண்ணன் என்றால் மூத்தவர், ஆண் என்பது சொல்லின் பொருள், எடுத்துக்கொள்ளலாம். பேனாவை அரையாக வாங்க முடியாது என்பது பொருளின் இயல்பு, அதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் “மணி” என்ற பெயரைப் பார்த்து ஆண் என்று முடிவு செய்யக்கூடாது. மணிமேகலையையும் வீட்டில் மணி என்றுதான் கூப்பிடுவார்கள். நம் கேள்வியில் மணியை ஆண் என்று சொன்னது பெயர் இல்லை, “சகோதரன்” என்ற சொல். அதேபோல் கணவர் மனைவியைவிட வயதில் மூத்தவராகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது; அது வழக்கம், பொருள் இல்லை. படிவம் 4 மாணவர் என்றால் வயது 16 என்று எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் புகுமுக வகுப்பு படித்துவிட்டு வந்தவருக்கு ஒரு வயது கூடுதல்.

நம் ஊர்ப் பேச்சு வழக்கையும் இந்தக் கோட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும். கடைக்காரரை அண்ணே என்கிறோம், பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்கிறோம். “ரவி மணியை அண்ணே என்று கூப்பிட்டான்” என்ற கூற்றும் “மணி ரவியின் அண்ணன்” என்ற கூற்றும் ஒன்றில்லை. முன்னது விளிப்பு; அதிலிருந்து உறவும் கிடைக்காது, உறுதியான வயதும் கிடைக்காது. இந்த வேறுபாட்டையே ஒரு நல்ல கேள்வியாக ஆக்கலாம்.

ஆக்கும்போதும் திருத்தும்போதும்

இந்த வகையைத் தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருத்துணர் பகுதியில் நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, பத்தியில் இல்லாததை இருப்பதாக எழுதுவது. “கொடுத்தது எதுவரை போகிறது?” என்று நிற்கச் சொல்லிப் பழக்கும் கேள்வி இது. பழுது வகையில் இல்லை, தமிழாக்கிவிட்டுப் பழைய விடையையே நம்புவதில் இருக்கிறது.

ஆகவே தாளைக் கொடுக்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். முதலாவது, ஆங்கில விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, தமிழ்க் கேள்வியைத் தமிழ்க் கேள்வியாகவே நீங்கள் ஒருமுறை தீர்த்துப் பாருங்கள். இரண்டாவது, உறவுச்சொல், “உம்”, “ஓ”, வினைமுற்று விகுதி ஆகியவற்றின் கீழே கோடிட்டு, ஒவ்வொன்றும் எந்தத் தகவலைத் தருகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். வயது வேண்டாம் என்றால் “உடன்பிறந்தவர்” போதும்; ஆண் பெண் மட்டும் தெரிய வேண்டுமென்றால் “சகோதரன்”, “சகோதரி”. மூன்றாவது, இரண்டு கூற்றுகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் ஒரு நிலைமையை எண்கள் போட்டு எழுதிப் பாருங்கள். நம் கேள்வியில் லதா 10, ரவி 15, மணி 12 என்று போட்டோமே, அதுபோல. அப்படி ஒரு நிலைமையைக்கூட எழுத முடியாவிட்டால் கூற்றுகள் முரண்படுகின்றன. அக்கா போட்ட இரண்டு வழிகளும் இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

திருத்தும் முறையையும் கொஞ்சம் மாற்றலாம். ஐந்து தெரிவில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டாலும் ஐந்தில் ஒரு முறை சரியாகிவிடும். அதனால் எழுத்துக்கு மட்டும் புள்ளி கொடுக்காதீர்கள். “போதாது” என்று எழுதும் மாணவர், கூற்றுக்குப் பொருந்துகிற, ஆனால் வேறு வேறு விடை தருகிற இரண்டு நிலைமைகளை எழுத வேண்டும். மணிக்கு 18 என்று ஒன்று, 12 என்று ஒன்று. அவை இரண்டும் தாளில் இருந்தால் போதாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. “போதும்” என்று எழுதுகிறவர், மற்ற வழிகளை அடைத்த சொல் எது, எண் எது என்று சுட்ட வேண்டும். “அண்ணன் என்பதால்” என்று எழுதினாலே அவர் எங்கே பார்த்தார் என்று நமக்குத் தெரிந்துவிடும்.

தேர்வு எழுதுகிற மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியை எழுதப் போகிறீர்கள் என்றால் இதே பழக்கம் எதிர்ப் பக்கத்திலிருந்து உதவும். ஆங்கிலத்தில் சகோதரன் என்று படித்தவுடன் நம் மனத்தில் தானாக ஓர் அண்ணனோ தம்பியோ வந்து உட்கார்ந்துவிடுவார். தமிழில் யோசிக்கிறவர்களுக்கு அது இயல்பு. அந்த இடத்தில் நின்று, “வயதை யாராவது சொன்னார்களா, நானாகச் சேர்த்தேனா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லவில்லை என்றால் அண்ணனுக்கு ஒரு கணக்கு, தம்பிக்கு ஒரு கணக்கு என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். விடை ஒன்றாகவே வந்தால் போதும். இரண்டாக வந்தால் போதாது.